120 மணி நேர ஆன்லைன் சான்றிதழை நம்பி ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகலாமா?

நிவேதா_திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல். எம்.ஏ. ஆங்கிலம் மதுரையில் முடித்துவிட்டு பெங்களூருக்கு வந்தவள். மான்யதா டெக் பார்க்கில் ஒரு பி.பி.ஓ.வில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் மின்னஞ்சல் எழுதும் பயிற்சியும் கொடுக்கிறேன். கைக்கு 38,000 வருகிறது. பி.ஜி. வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போகச் சேமிப்பில் ஒன்றே முக்கால் லட்சம் இருக்கிறது.

வகுப்பு எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் இந்த வேலையில் அடுத்த படி என்று எதுவும் இல்லை, டீம் லீட் ஆகி எக்செல் பார்ப்பதைத் தவிர. இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, அந்த அனுபவத்தோடு திரும்பி வந்து ஆன்லைனில் தொடரலாம் என்று யோசனை.

இங்கே ஒரு நிறுவனம் பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் 16,000 ரூபாய்க்குத் தருகிறது. தாய்லாந்து, கொரியா, வியட்நாம் என்று மூன்று நாட்டுக் கொடியையும் போட்டு ‘வேலை உறுதி’ என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை சலுகையாம். இன்னொரு பக்கம் கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழைச் சொல்கிறார்கள். விசாரித்த இடத்தில் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கமாகக் கேட்டார்கள். அம்மாவோ ‘பேசாமல் பி.எட். படி’ என்கிறார். மூன்றில் எதைப் படித்தால் ஐந்து வருடம் கழித்தும் சோறு போடும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கே.ஜி.எஃப்_ராஜா

தங்கச்சி, சான்றிதழ் எல்லாம் காசு பிடுங்குகிற வேலை. என் மச்சான் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பிரெப்ளி என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் பிரேசில்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறான். வெறும் பி.காம். அவனிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. ஒரு நிமிட வீடியோ போட்டான், ஆள் வந்துவிட்டது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் போதும். கொரியாவுக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். எட்டு எடுத்தால் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த 16,000 ரூபாய்க்கு நல்ல மைக்கும் கேமராவும் வாங்குங்கள்.

அல்சூர்_வசந்தி

ராஜா சொல்வதில் பிரெப்ளி விஷயம் சரி. அங்கே சேரச் சான்றிதழ் கட்டாயமில்லை. கொரியா விஷயம் சரியில்லை. அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தரும் ஈ-2 விசா ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஒன்பதே எடுத்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. இந்தியா கொரியா பொருளாதார ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது ஒரு சின்ன விலக்கு வைத்தார்கள், பள்ளிகளில் துணை ஆசிரியராகப் போகலாம் என்று. அதற்கும் பட்டத்தோடு ஆசிரியர் தகுதி வேண்டும். 120 மணி நேரச் சான்றிதழ் அந்த இடத்தில் செல்லாது. ஆகவே கொரியக் கொடியைப் போட்டு உங்களிடம் விற்கிற ஆளை முதல் கேள்வியிலேயே மடக்கலாம்.

நிவேதா, நான் தாய்லாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவள், இப்போது இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லோரும் எந்தச் சான்றிதழ் என்றுதான் கேட்கிறார்கள். நாம் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை. ஒவ்வொரு நாட்டிலும் விசா கொடுக்கிறவர் ஒருவர், வேலை கொடுக்கிறவர் ஒருவர். விசா அதிகாரி பட்டத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார். பள்ளி முதல்வர் நீங்கள் வகுப்பில் எப்படி நிற்கிறீர்கள் என்று பார்ப்பார். 16,000 ரூபாய்ச் சான்றிதழ் இருவரில் யாரைத் திருப்திப்படுத்துகிறது என்பதுதான் கேள்வி.

வியட்நாமில் வேலை அனுமதிக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் சான்று மூன்றையும் கேட்பார்கள். அங்கே இந்த 120 மணி நேரத் தாளை ஏற்கிற வழக்கம் உண்டு. அதாவது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப அது உதவும். தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பது வழக்கம். உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும், விரிவாக எழுதுகிறேன்.

அமுதவல்லி_டீச்சர்

நிவேதா, நல்ல முயற்சி. நான் பெங்களூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று என் மகள் டெக்சாஸில் இருந்து சொல்கிறாள். நீ எந்தப் பாடநூல் வைத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் நன்றாக இருக்கும். அதில் சான்றிதழும் தருகிறார்கள். அதைப் படித்துவிட்டுப் போனால் அங்கே சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

நிவேதா_திண்டுக்கல்

டீச்சர், நான் கேட்டது ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி. ஆனால் உங்கள் கேள்வியும் எனக்கு ஆர்வமாகத்தான் இருக்கிறது, தெரிந்தவர்கள் அதற்கும் பதில் சொல்லுங்கள்.

வசந்தி அக்கா, தாய்லாந்தின் சிக்கல் என்ன? ராஜா அண்ணா, உங்கள் மச்சானுக்கு மாதம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

ஜெர்மன்_பிரபு

மச்சானைக் கேட்பதற்கு முன்னால் நான் கணக்கைச் சொல்கிறேன். ஜெர்மன் மொழி கற்பிக்க மாறுவதற்கு முன் நானும் பிரெப்ளியில் ஆங்கிலம்தான் எடுத்தேன்.

பிரெப்ளியில் புது மாணவரின் முதல் சோதனை வகுப்புக்கான காசு முழுவதும் தளத்துக்குப் போகும். அதன் பிறகு முதல் 20 மணி நேரம் வரை 33 சதவீதம் பிடிப்பார்கள். 50 மணி வரை 28, 200 வரை 25, 400 வரை 22, அதற்கு மேல் 18. இப்போது புதிதாகச் சேருகிற இந்திய ஆசிரியர் ஒருவர் மணிக்கு எட்டு டாலர் போடுகிறார் என்று வையுங்கள். அதற்கு மேல் போட்டால் விமர்சனம் எதுவும் இல்லாத ஆளிடம் யாரும் வரமாட்டார்கள். முதல் மாதம் பத்துச் சோதனை வகுப்பு எடுக்கிறார். கைக்கு வருவது பூஜ்யம். பத்தில் ஐந்து பேர் தங்குகிறார்கள், அதுவே நல்ல விகிதம். வாரத்துக்கு இரண்டு மணி வீதம் ஆளுக்கு எட்டு மணி, மொத்தம் 40 மணி. முதல் 20 மணிக்கு 107 டாலர், அடுத்த 20 மணிக்கு 115 டாலர், ஆக 222 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 19,000 ரூபாய். உழைத்தது 50 மணி, பாடம் தயாரித்த நேரம் தனி. பணத்தை எடுக்கும் கட்டணமும் தனி.

இது முதல் மாதம்தான், போகப் போகப் பிடித்தம் குறையும், உண்மை. ஆனால் மணிக்கு எட்டு டாலர் பதினாறு ஆக வேண்டும் என்றால் மாணவருக்கு ஒரு காரணம் வேண்டும். ‘சும்மா பேசலாம் வாங்க’ என்கிற ஆளுக்கு யாரும் பதினாறு தரமாட்டார்கள். பிரசன்டேஷனுக்குத் தயார் செய்யணும், தேர்வு எழுதணும், இன்டர்வியூ இருக்கு என்று வருகிறவர்கள் தருவார்கள். அவர்களுக்கு எடுக்க முறையான பயிற்சி வேண்டும். மச்சானைக் குறை சொல்லவில்லை. சேருவதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்பது சரி. விலையை ஏற்றும்போதுதான் அது இல்லாதது தெரியும்.

இன்னொன்று, நேரம். ஐரோப்பாவில் மாலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. அவர்கள் வேலை முடித்து வந்து படிக்கிற நேரம் அது. ஜப்பானில் இரவு ஏழு நமக்குப் பிற்பகல் மூன்றரை. ஷிப்ட் வேலையை வைத்துக்கொண்டு எந்த நாட்டு மாணவரைப் பிடிக்க முடியும் என்று முன்பே பாருங்கள்.

கே.ஜி.எஃப்_ராஜா

பிரபு, மச்சானிடம் பேசினேன். இப்போது மணிக்கு ஒன்பது டாலர் வாங்குகிறான். இரண்டு வருடமாக அதே ஒன்பதுதான், ஏற்றினால் மாணவர்கள் போய்விடுகிறார்கள் என்றான். ஆனால் கே.ஜி.எஃபில் வாடகை இல்லை, அதிகாலை ரயில் பிடித்து பெங்களூர் ஓட வேண்டாம், அவனுக்கு அது போதும். எல்லோரும் ஏன் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும்?

கொரியா விஷயம் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்த செல்டாவுக்கு ஒன்றரை லட்சம் ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதே இலக்கணம், அதே புத்தகம்தானே?

அல்சூர்_வசந்தி

ராஜா, புத்தகத்துக்கு யாரும் ஒன்றரை லட்சம் வாங்குவதில்லை. செல்டாவின் 120 மணி நேரப் பாடத்துக்குள்ளேயே, உண்மையான மாணவர்களை வைத்து ஆறு மணி நேரம் நீங்களே கற்பிக்க வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு நிலை மாணவர்களுக்கு. ஒவ்வொரு வகுப்பையும் பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பார், முடிந்ததும் உங்களோடு படிக்கிறவர்கள் முன்னால் அதைப் பற்றிப் பேசுவார். நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். ட்ரினிட்டி கல்லூரி தரும் சர்ட் டெசால் சான்றிதழும் இதே மாதிரிதான், அதிலும் ஆறு மணி நேரக் கற்பித்தல் உண்டு. இரண்டும் பிரிட்டனின் தகுதி வரிசையில் ஐந்தாம் நிலை. விலை அந்த ஆறு மணி நேரத்துக்கும், அதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும்தான். 16,000 ரூபாய்ப் பாடத்தில் வீடியோ பார்த்துவிட்டு நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஒருவரும் உங்களை வகுப்பில் பார்ப்பதில்லை.

என்ன வித்தியாசம் என்று ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் ஓசூர்’ என்ற வாக்கியத்தைக் கற்பிக்க வேண்டும். நாம் பள்ளியில் படித்த முறையில் ‘இது கடந்த காலப் பழக்கத்தைக் குறிக்கும்’ என்று விளக்குவோம், ‘புரிந்ததா?’ என்று கேட்போம், எல்லோரும் தலையாட்டுவார்கள். பயிற்சி பெற்றவர் விளக்கமாட்டார். ‘நான் இப்போது ஓசூரில் இருக்கிறேனா? ஒரே ஒரு நாள் இருந்தேனா, பல காலம் இருந்தேனா?’ என்று இரண்டு சின்னக் கேள்வி கேட்பார். ‘இருக்கிறீர்கள்’ என்று ஒரு மாணவர் சொன்னால் போதும், அவருக்குப் புரியவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இது படித்தால் வராது. முதல் வகுப்பில் எல்லோருமே தாங்களே பேசிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியாளர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், மாணவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று எழுதித் தருவார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் வாய் அடங்கும்.

நிவேதா, உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 2020 முதல் செல்டாவை முழுக்க ஆன்லைனிலும் நடத்துகிறார்கள். கற்பித்தல் பயிற்சியும் ஜூமில்தான், மாணவர்கள் நிஜமானவர்கள். முழுநேரமாக நான்கைந்து வாரம், பகுதிநேரமாகச் சில மாதம். வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் பகுதிநேரம் என்றால் இலகு என்று நினைக்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து வந்து பாடத்திட்டம் எழுத வேண்டிய மாதங்கள் அவை, படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் இங்கேதான் விடுகிறார்கள்.

தாய்லாந்தின் சிக்கல் இதுதான். அங்கே பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் உரிமம் வேண்டும், குருசபா என்ற அமைப்பு கொடுக்கும். கல்வியியல் பட்டம் இல்லாதவர்களுக்கு இரண்டு வருடத் தற்காலிக அனுமதி தருவார்கள். அதைச் சில முறை நீட்டிக்கலாம், பிறகு நிறுத்திவிடுவார்கள். என்னிடம் செல்டா இருந்தது, முதல்வருக்கு என்னைப் பிடித்திருந்தது, மாணவர்களுக்கும். இருந்தும் அனுமதி முடிந்ததும் கிளம்ப வேண்டி வந்தது, ஏனென்றால் என்னிடம் பி.எட். இல்லை. என்னோடு இருந்த ஒரு மலையாளப் பெண்ணிடம் பி.எட். இருந்தது. அவர் உரிமம் வாங்கி இன்றும் அங்கேயே இருக்கிறார்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே பள்ளியில் அதே வகுப்பை எடுக்கும் இங்கிலாந்துக்காரருக்கும் எனக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி இருந்தது. விளம்பரங்களிலேயே வெளிப்படையாக இரண்டு விலை போட்டிருக்கும். மனம் வருந்தும், ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சுல்தானா_ஃப்ரேசர்டவுன்

வசந்தி சொன்ன கடைசிப் பத்திக்கு முந்தையதை நிவேதா இரண்டு முறை படிக்க வேண்டும். உங்கள் அம்மா சொல்வது சரி.

நான் ஆம்பூர்க்காரி. பி.எட். முடித்து, பெங்களூரில் ஒரு பள்ளியில் சில வருடம் எடுத்துவிட்டு, ஷார்ஜாவில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. அங்கே நம் பாஸ்போர்ட் ஒரு தடையே இல்லை, நம்மைத்தான் தேடுகிறார்கள். கேட்பது பட்டம், பி.எட்., பள்ளி அனுபவம். செல்டா இருக்கிறது என்று சொன்னால் ‘சரி, பி.எட். எங்கே?’ என்பார்கள். குடும்பத்தோடு போகலாம், மருத்துவக் காப்பீடு உண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வர டிக்கெட் தரும் பள்ளிகளும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. ‘ஆன்லைன் பி.எட்., ஒரே வருடம், வகுப்புக்கு வர வேண்டாம்’ என்று மெஜஸ்டிக் பக்கமெல்லாம் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.சி.டி.இ.யின் 2014 விதிகள்படி பி.எட். இரண்டு வருடம், அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. முழுக்க ஆன்லைனில் பி.எட். என்பதற்கு அங்கீகாரம் கிடையாது. இக்னோ தொலைநிலையில் நடத்துவது ஏற்கெனவே பயிற்சி பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மாதிரியானவர்களுக்கு. நிவேதா அதில் சேர முடியாது. கல்லூரியின் பெயர் என்.சி.டி.இ. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டு வேலைக்காகப் பட்டத்தில் அரசு முத்திரை வாங்கும் சான்றொப்பத்துக்குப் போகும்போது போலிப் பட்டம் மாட்டிக்கொள்ளும், அப்போது இரண்டு வருடமும் காசும் போனதுதான்.

நிவேதா_திண்டுக்கல்

சுல்தானா அக்கா, எனக்குப் பயமே அந்த இரண்டு வருடம்தான். நேரில் வகுப்புக்குப் போக வேண்டும் என்றால் வேலையை விட வேண்டும். வீட்டுக்கு அனுப்புகிற 12,000 நின்றுவிடும். தம்பி இன்னும் கல்லூரியில் படிக்கிறான்.

அல்சூர்_வசந்தி

அதனால்தான் நான் செல்டாவை முதலில் சொல்கிறேன். வேலையை விடாமல் முடிக்கலாம். முடித்த பிறகு அதே பி.பி.ஓ. அனுபவத்தோடு இங்கேயே நிறுவனப் பயிற்சி, தேர்வுப் பயிற்சி என்று சம்பளம் ஏறும் இடங்கள் உண்டு. பிரிட்டிஷ் கவுன்சில் விளம்பரங்களைப் பாருங்கள். பட்டம், செல்டா அல்லது ட்ரினிட்டி, அதற்குப் பிறகு இரண்டு வருட அனுபவம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பி.எட். படித்தவர் பள்ளிக் குழந்தைகளுக்கு எடுக்கத் தகுதியானவர், ஆனால் முப்பது வயது ஜப்பானிய இன்ஜினியருக்கு எடுப்பது வேறு வேலை. நிவேதா இப்போது செய்வதே பெரியவர்களுக்குக் கற்பிப்பதுதான்.

சுல்தானா_ஃப்ரேசர்டவுன்

வசந்தி, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் உடன்பட மாட்டேன். நீங்களே பி.எட். இல்லாமல் திரும்பி வந்தவர். சேமிப்பில் பெரும்பகுதியை செல்டாவில் போட்டுவிட்டால் பிறகு பி.எட்.டுக்கு எங்கே போவாள்? 2021 ஜூலையில் சீனா வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துக் குழந்தைகளுக்கு ஆன்லைன் டியூஷன் எடுப்பதைத் தடை செய்தது. அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு ஒரே மாதத்தில் வருமானம் போனது. எனக்குத் தெரிந்து பிலிப்பைன்ஸ்காரர்கள் இருவர் எங்கள் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள். பள்ளி வேலை அப்படிச் சட்டென்று போகாது.

அல்சூர்_வசந்தி

சீனத் தடை பற்றிச் சொன்னது சரிதான். ஒரே நாட்டு மாணவர்களை நம்பினால் அதுதான் ஆபத்து, அதை மறுக்கவில்லை. ஆனால் வருமானம் இல்லாத இரண்டு வருடத்தை அவளால் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.

ஜெர்மன்_பிரபு

இரண்டு அக்காவும் ஆங்கிலத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள். நான் ஏன் மாறினேன் என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் நான் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் ‘நேட்டிவ் ஆளா?’ என்ற கேள்வி வரும். ஜெர்மனில் அந்தக் கேள்வியே இல்லை. என்னிடம் வருகிறவர்கள் திருநெல்வேலி, கன்னியாகுமரி நர்ஸுகள். ஜெர்மன் மொழித் தேர்வுகள் ஏ-1, ஏ-2, பி-1, பி-2, சி-1 என்று நிலை நிலையாக ஏறும், ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் கிடைக்கப் பொதுவாக பி-2 வேண்டும். அவர்களுக்கு ஜெர்மன் இலக்கணத்தைத் தமிழில் சொல்லித் தருகிற ஆள்தான் வேண்டும். பெர்லின்காரரால் அதைச் செய்ய முடியாது. இரவுப் பணி முடித்து வரும் நர்ஸுக்குக் காலை ஒன்பது மணி வகுப்பு, நேர வித்தியாசத் தொல்லையும் இல்லை.

ஆனால் சொல்லாமல் விட முடியாதது, நாம் சி-1 வரை போக வேண்டும். இந்திராநகரில் கோதே நிறுவனத்தின் மேக்ஸ் முல்லர் பவனில் ஏ-1இல் தொடங்கி அங்கே போய்ச் சேர எனக்கு வருடங்கள் ஆயின. பிறகு ஆசிரியர்களுக்கென்று அதே நிறுவனம் நடத்தும் டி.எல்.எல். பாடங்களும் படித்தேன். பி-1 முடித்ததும் வகுப்பு எடுக்கத் தொடங்குகிறவர்கள் பெங்களூரில் நிறைய. அவர்களிடம் படித்துவிட்டு பி-2 தேர்வில் எழுத்தில் தோற்று என்னிடம் வருகிறவர்களும் நிறைய.

கே.ஜி.எஃப்_ராஜா

பிரபு, அந்தப் பெண் எந்தச் சான்றிதழ் என்று கேட்டால் நீங்கள் புது மொழியே படிக்கச் சொல்கிறீர்கள்.

ஜெர்மன்_பிரபு

படிக்கச் சொல்லவில்லை ராஜா. என் கதையைச் சொன்னேன். ஏற்கெனவே வேறு மொழி கொஞ்சம் தெரிந்த யாராவது இதைப் படித்தால் உதவுமே.

நிவேதா_திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். நீங்கள் எழுதியதை வைத்து நான்கு கேள்வி கேட்டேன்.

உண்மையான மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பை யாராவது பார்ப்பார்களா என்று கேட்டேன். ‘மேடம், எங்கள் வீடியோக்கள் உலகத் தரம்’ என்றார்கள். கொரியாவுக்கு எந்த விசாவில் அனுப்புவீர்கள் என்று கேட்டதும் ‘அதை பார்ட்னர் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்’ என்று சொன்னார்கள். தாய்லாந்துக்கு? ‘டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.’ ஐந்தாம் நிலை என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே, தகுதி எண் என்ன என்று கேட்டேன். அனுப்புவதாகச் சொன்னார்கள், இதுவரை வரவில்லை. ஞாயிறு வரை இருந்த சலுகை இப்போது மாதக் கடைசி வரை நீண்டிருக்கிறது, விலையும் 11,000 ஆகிவிட்டது.

அல்சூர்_வசந்தி

நல்ல கேள்விகள். தகுதி எண் கேட்டதுதான் சரியான இடம். இங்கிலாந்தில் ஆஃப்குவால் என்ற அமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஐந்தாம் நிலை என்று ஒருவர் சொன்னால் அங்கே அதன் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். ‘சர்வதேச அங்கீகாரம்’ என்ற முத்திரைக்கு எந்த மதிப்பும் இல்லை, அதை யாரும் அச்சடிக்கலாம்.

டூரிஸ்ட் விசா பேச்சு வந்ததுமே போனை வைத்திருக்கலாம். தாய்லாந்தில் வேலை செய்ய நான்-இமிகிரன்ட் பி விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். அது கைக்கு வருமுன் வகுப்பில் நின்றால் பிடிபடுவது ஆசிரியர்தான், ஏஜென்சி அல்ல. சம்பளம் தராமல் இழுத்தடித்தாலும் போய்ப் புகார் சொல்ல முடியாது.

அமுதவல்லி டீச்சர், உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் பெற்றோர் தன்னார்வமாக நடத்துபவை, சம்பள வேலை என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ் ஆசிரியர் என்பது முறையான பள்ளி வேலையாக இருப்பது சிங்கப்பூரில். அங்கே கல்வி அமைச்சு எடுத்துத் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி கொடுக்கும். இளையவர்களுக்கு ஃபுல்பிரைட்டின் மொழி உதவி ஆசிரியர் திட்டம் ஒன்று உண்டு. ஒரு கல்வியாண்டு அமெரிக்கக் கல்லூரியில் தங்கள் மொழியைக் கற்பிக்கலாம், முடிந்ததும் திரும்ப வேண்டும். தமிழும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. தனியாக ஆன்லைனில் எடுப்பதென்றால் உங்களைப் போன்றவர்களிடம் குழந்தைகள் வருவார்கள். உங்கள் மகளின் ஊரிலேயே தொடங்குங்கள்.

அமுதவல்லி_டீச்சர்

நன்றி வசந்தி. மகளிடம் பேசிவிட்டு வருகிறேன். ஓய்வூதியம் இருப்பதால் பணம் பெரிதில்லை, ஆனால் இலவசம் என்றால் பெற்றோர்கள் வகுப்பை மதிப்பதில்லை என்று அவள் சொல்கிறாள். நான்கு குழந்தைகள் கிடைத்தால் ஆரம்பிப்பேன்.

நிவேதா_திண்டுக்கல்

இப்போதைக்கு என் முடிவு இது. 11,000 ரூபாய்ச் சான்றிதழ் வேண்டாம். பகுதிநேர ஆன்லைன் செல்டாவுக்கு விண்ணப்பிக்கிறேன். நேர்காணலுக்கு முன்னால் ஒரு மொழிப் பயிற்சித் தாள் தருவார்களாம், அதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கட்டணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். முடித்த பிறகு ஒரு வருடம் இங்கேயே பெரியவர்களுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, தம்பி வேலைக்குப் போனதும் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ பி.எட். சேரலாம் என்று இருக்கிறேன். சுல்தானா அக்காவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

சுல்தானா_ஃப்ரேசர்டவுன்

பிடிக்கவில்லைதான். ‘தம்பி வேலைக்குப் போனதும்’ என்று தள்ளிப் போட்ட பி.எட். அப்புறம் கல்யாணம், குழந்தை என்று தள்ளிக்கொண்டே போவதை என் தோழிகள் பலரிடம் பார்த்திருக்கிறேன். எந்த வருடம் சேருவாய் என்று இப்போதே முடிவு செய்து அம்மாவிடம் சொல்லிவிடு, அவர் விடமாட்டார்.

ஒரு வேலையை இப்போதே செய்யலாம். உன் எம்.ஏ. பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் கொடுத்தது. வளைகுடாவுக்கு அதைச் சான்றொப்பம் செய்யும்போது மாநில அளவு முத்திரை பட்டம் கொடுத்த மாநிலத்தில்தான் வாங்க வேண்டும். நீ பெங்களூரில் இருப்பதால் கர்நாடகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதே. அதற்குப் பிறகு டெல்லியின் வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசை. இப்போது அவசரமில்லை. ஆனால் மூல மதிப்பெண் பட்டியல்களும் பட்டமும் கையில் இருக்கிறதா, எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார். ‘எஸ். நிவேதா’ ஒரு தாளிலும் ‘நிவேதா செல்வம்’ இன்னொன்றிலும் இருந்தால் அதைத் திருத்தவே மாதங்கள் ஆகும்.

நிவேதா_திண்டுக்கல்

அக்கா, இப்போதே எடுத்துப் பார்த்தேன். பட்டத்தில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. இதை எங்கே மாற்றுவது, பாஸ்போர்ட்டிலா பல்கலைக்கழகத்திலா?

சுல்தானா_ஃப்ரேசர்டவுன்

இரண்டையும் உடனே தொடாதே. என் பள்ளியில் இருந்த சிலருக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக இருந்தது. வேறு சிலரைப் பாஸ்போர்ட்டைத் திருத்தி வரச் சொன்னார்கள். வேலை கொடுக்கிற பள்ளியின் நிர்வாகியிடம் கேட்ட பிறகு முடிவு செய். அதுவரை இனி நிரப்புகிற எல்லா விண்ணப்பத்திலும், செல்டா விண்ணப்பம் உட்பட, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுது.